நாறும் தொட்டியும் குவியும் சருகும்: வீட்டுக் கூட்டெருவில் தவறிப்போகும் கணக்கு

கிளிநொச்சியில் இருக்கும் என்னுடைய பெரியம்மாவின் வீட்டுக் கோடியில் கறுப்பு நிறக் கூட்டெருத் தொட்டி ஒன்று இருக்கிறது. மூன்றடி உயரம். அடிப்பக்கம் திறந்தது. பக்கங்களில் சிறிய துளைகள், மேலே ஒரு மூடி. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு திட்டத்தின் கீழ் அந்த ஒழுங்கையில் இருந்த பல வீடுகளுக்கும் இப்படியான தொட்டிகள் கொடுக்கப்பட்டன. குசினிக் கழிவைப் போடுங்கள், மூன்று மாதத்தில் பசளை வரும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பெரியம்மா சொன்னதைச் சொன்னபடியே செய்தார். மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு, சில நாட்களில் மீன் செதில் என்று எல்லாமே அதற்குள் போயின.

கடந்த வருடம் மாசி மாதக் கடைசியில் நான் அங்கு போனபோது தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மூடியைத் தூக்கியதும் இலையான்கள் முகத்தில் மோதின. உள்ளே கறுப்புக் கஞ்சி போல ஏதோ கிடந்தது. அடியிலிருந்து கசிந்த தண்ணீர் வேலிப் பக்கமாக ஓடிக் காய்ந்திருந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியால எட்டிப் பார்த்து, 'அன்ரி, சமைக்க ஏலாமக் கிடக்கு' எண்டு சொல்லிப்போட்டாள். எனக்கு வெக்கமாப் போச்சு. இதை எடுத்து எறிஞ்சுவிடு பிள்ளை" என்றார் பெரியம்மா.

அந்தத் தொட்டியிலிருந்து இருபது அடி தூரத்தில், வளவின் பின்மூலையில், இடுப்பளவு உயரத்துக்குச் சருகு குவிந்து கிடந்தது. பெரியம்மா ஒவ்வொரு நாளும் காலையில் முற்றம் கூட்டுவார். ஆனால் மற்ற வீடுகளைப்போலக் கூட்டியதைக் கொளுத்துவதில்லை. 2010இல் மீள்குடியேறி வந்து பற்றைக்காடாகக் கிடந்த வளவைத் துப்புரவாக்கிய காலத்தில் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நெருப்பு வைக்க அவர் பயந்தார். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. வேம்பு, பூவரசு, மா, பலா என்று எல்லா மரங்களின் சருகும் அந்த மூலைக்கே போய்ச் சேர்ந்தது. பாம்பு வரும் என்று வீட்டில் எல்லோரும் பேசுவார்கள்.

அந்த வளவில் இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று நாறும் தொட்டி, மற்றது குவியும் சருகு. தொட்டிக்குத் தேவைப்பட்ட மற்றப் பாதிதான் அந்தச் சருகு என்பதைத் தொட்டியைக் கொடுத்தவர்கள் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. எங்கள் பகுதிகளில் பெரும்பாலான வீடுகளில் இந்த மற்றப் பாதி ஒவ்வொரு நாளும் காலையில் புகையாகப் போகிறது. தொட்டிகள் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டுக் கோழிக்கூடாக மாறுவதற்கும் இதுதான் முக்கிய காரணம்.

பச்சை எது, காய்ந்தது எது

கூட்டெருவை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள். அவற்றுக்கு இரண்டு வகையான சாப்பாடு தேவை. உடல் வளர நைதரசன் வேண்டும். வேலை செய்யும் சக்திக்குக் காபன் வேண்டும். நைதரசன் கூடுதலாக உள்ளவற்றைப் பச்சை என்றும், காபன் கூடுதலாக உள்ளவற்றைக் காய்ந்தது என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

இதில் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. தேயிலைச் சக்கை மண்ணிறமாக இருந்தாலும் அது பச்சை வகைதான். மாட்டுச் சாணமும் கோழி எருவும்கூடப் பச்சைதான். மரக்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், வெட்டிய புல், கிளிசரிடியா இலை என்பவையும் இந்த வகை. இவற்றில் இன்னொரு பொதுத்தன்மை உண்டு. எல்லாவற்றிலும் தண்ணீர் கூட. ஒரு கிலோ மரக்கறிக் கழிவில் ஏறத்தாழ 800 கிராம் தண்ணீர்தான்.

காய்ந்த வகையில் முதலிடம் மரச் சருகுக்கு. வைக்கோல், வாழைச் சருகு, கடலைக் கோது, தும்புத்தூள், மரத்தூள், கடதாசி மட்டை, முட்டை அடுக்கி வரும் தட்டு என்பவையும் இதில் சேரும். ஆனால் எல்லாம் ஒன்றுபோல வேலை செய்யாது. பூவரசம் சருகும் வேப்பஞ் சருகும் விரைவாக உக்கும். மாஞ்சருகும் பலாச்சருகும் தோல்போலத் தடித்தவை, காலால் மிதித்து நொறுக்கிப் போட்டால்தான் உதவும். உமி இலகுவில் உக்காது, ஆனால் காற்றுப் போக இடம் வைத்திருக்கும். மரத்தூளில் காபன் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, ஒரு பிடிக்கு மேல் போட்டால் வேலை மந்தமாகிவிடும். மருந்தடித்த மரத்தின் தூளைச் சேர்க்கவே கூடாது. பனை ஓலையையும் தென்னோலையையும் நான் இந்தத் தொட்டிக்குள் போடுவதில்லை. அவை உக்கி முடிய மற்றவற்றைவிடப் பல மடங்கு காலம் எடுக்கும்.

மணத்துக்குக் காரணம்

பச்சைக் கழிவை மட்டும் போட்டால் அது தன் எடையாலேயே அமுங்கி, தண்ணீரை விட்டு, களியாகிவிடும். களிக்குள் காற்றுப் போகாது. காற்றில் வாழும் நுண்ணங்கிகள் ஒட்சிசன் இல்லாமல் இறந்துவிட, காற்றில்லாமல் வாழும் வேறு வகை அந்த இடத்தைப் பிடிக்கும். அவை வெளிவிடும் வாயுக்களில்தான் அழுகிய முட்டை மணமும் சாக்கடை மணமும் இருக்கின்றன. கூட்டெரு தன் இயல்பில் நாறுவதில்லை. சரியாக நடக்கும் தொட்டியில் மழைக்குப் பிறகு வரும் மண்வாசம்தான் வரும். ஆகவே நாற்றம் என்பது உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிவிப்பு.

சருகு இங்கே மூன்று வேலைகளைச் செய்கிறது. காபனைக் கொடுக்கிறது. பச்சைக் கழிவு விடும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கழிவுத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துக் காற்றுக்கு வழி வைக்கிறது. வீட்டுத் தொட்டியில் பின்னைய இரண்டுமே முதலாவதைவிட அவசரமானவை.

மணத்தை வைத்தே எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம். அழுகிய முட்டை அல்லது சாக்கடை மணம் என்றால் தண்ணீர் கூடி, காற்றுப் போதவில்லை. மூக்கையும் கண்ணையும் எரிக்கிற, மாட்டுக்கொட்டிலில் வருவது போன்ற காரமான மணம் என்றால் நைதரசன் கூடி அமோனியாவாக வெளியேறுகிறது. பழஞ்சோற்றுப் புளிப்பு மணம் என்றால் சோறோ பழமோ ஒரே இடத்தில் கட்டியாகக் கிடக்கிறது. இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் மருந்து ஒன்றுதான்: காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுவது.

ஒரு வாளிக்கு மூன்று வாளி

எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் அநேகமானோர் தடுமாறுகிறார்கள். பாதிக்குப் பாதி என்று சொல்வார்கள். எடையிலா, வாளிக் கணக்கிலா என்று சொல்லமாட்டார்கள்.

நைதரசன் ஒரு பங்கு என்றால் காபன் 25 முதல் 30 பங்கு இருப்பது நுண்ணங்கிகளுக்கு நல்லது. குசினிக் கழிவில் இது ஏறத்தாழ 15 பங்குதான், சருகில் 50 பங்கு அளவில் இருக்கும். பெரியம்மா வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவில் குசினிக் கழிவு வருகிறது. அதிலுள்ள தண்ணீரைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ கழிவுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான காய்ந்த சருகு தேவை. அப்படிக் கலந்தால் மொத்தக் கலவையின் ஈரமும் 55 வீதமளவில் வந்து நிற்கும். கூட்டெருவுக்கு வேண்டிய ஈரமும் அதுதான். ஒரே அளவு சருகு இரண்டு கணக்கையும் சரிசெய்துவிடுகிறது.

குசினியில் தராசு வைத்துக்கொண்டு யாரும் கழிவு நிறுப்பதில்லை. சருகு மிகவும் பாரம் குறைந்தது. அரைக் கிலோச் சருகு ஒரு கிலோ மரக்கறிக் கழிவின் மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவே வாளிக் கணக்கில் சொன்னால் ஒரு பங்கு கழிவுக்கு மூன்று பங்கு சருகு. சருகை நன்றாக நொறுக்கிவிட்டால் இரண்டு பங்கு போதும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப குப்பையைவிடச் சருகுதானே கூடப் போகுது" என்று ஆச்சரியப்பட்டார். அதுதான் உண்மை. கூட்டெருத் தொட்டி என்பது பெரும்பாலும் சருகால் நிறையும் தொட்டி. அதற்குள் இடையிடையே குசினிக் கழிவை ஒளித்து வைக்கிறோம்.

வீட்டுக்கு வீடு கழிவு மாறும். வெள்ளரி, பூசணி, தர்ப்பூசணித் தோல் கூடுதலாக வரும் நாளில் சருகும் கூட வேண்டும். ஆகவே கடைசித் தீர்ப்பைக் கையிடம் விடவேண்டும். தொட்டிக்குள் இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போதாது. ஒன்றும் வராமல் கையை விரித்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவேண்டும். எறும்பு புற்றுக் கட்டினாலும் காய்ந்துவிட்டது என்றே அர்த்தம்.

நாறிய தொட்டியைத் திருத்திய விதம்

பெரியம்மாவின் வலது கையில் இன்னமும் ஷெல் துண்டு இருக்கிறது. தோளுக்கு மேல் அந்தக் கையைத் தூக்க முடியாது, மண்வெட்டி பிடித்துக் கிளற முடியாது. கூட்டெருக் கையேடுகளில் வாரம் ஒருமுறை புரட்டிப் போடும்படி எழுதியிருப்பார்கள். அவரைப்போல எத்தனையோ பேரால் அது முடியாத காரியம். புரட்டுவது காற்றை உள்ளே விடுவதற்காகத்தான். சருகும் சுள்ளியும் போதுமான அளவு இருந்தால் காற்று தானாகவே உள்ளே போகும். கொஞ்சம் மெதுவாக உக்கும், அவ்வளவுதான். ஆகவே ஒருமுறை நான் கிளறிக் கொடுப்பது, அதற்குப் பிறகு கிளறவே தேவையில்லாதபடி அடுக்குவது என்று முடிவெடுத்தோம்.

அன்று காலையில் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு தொட்டியைத் தூக்கி எடுத்தேன். அடி திறந்த தொட்டி என்பதால் உள்ளே இருந்தது அப்படியே நிலத்தில் நின்றது. மொத்தமாக ஐந்து வாளிக் களி. அதைச் சருகின் மேல் பரப்பி ஒரு மணித்தியாலம் வெயிலில் விட்டேன். தொட்டியை வேலியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, மாமரத்து நிழலில் மண் மேல் வைத்தோம். குடாநாட்டில் இருப்பவர்கள் கிணற்றுத் தூரத்தை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். அங்கே சுண்ணக்கல் நிலம் என்பதால் மேலே கசிவது நிலத்தடி நீரில் விரைவாகச் சேர்ந்துவிடும்.

தொட்டியின் அடியில் அரை அடி உயரத்துக்குப் பூவரசம் சுள்ளியும் முருங்கைக் கம்பும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன். காற்று கீழிருந்து ஏறுவதற்கும் தண்ணீர் இறங்குவதற்கும் இந்த இடைவெளி வேண்டும். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. பிறகு ஒரு வாளிக் களிக்கு மூன்று வாளி நொறுக்கிய சருகு என்று நிலத்திலேயே கலந்து உள்ளே போட்டோம். களி ஏற்கெனவே தண்ணீராக இருந்ததால் நொறுக்கியதிலும் மூன்று தேவைப்பட்டது. இடையே நான்கைந்து பிடி பழைய தோட்ட மண். அதில் வேண்டிய நுண்ணங்கிகள் ஏராளம் இருக்கும் என்பதால் கடையில் எதுவும் வாங்கவேண்டியதில்லை. மேலே மீண்டும் ஒரு சாண் சருகு போட்டு மூடினோம்.

பின்மூலையில் சருகு அள்ளியபோது ஒரு விடயத்தில் கவனமாக இருந்தோம். மேலே கிடப்பதைக் கையால் வாரி எடுத்தோமே தவிர, அடி மண்ணைத் தோண்டவில்லை. எங்கள் பகுதிகளில் பழைய குவியலையோ பற்றையையோ துப்புரவாக்கும்போது துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், அசைக்காமல், விலகி வந்து கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிப்பதுதான் சரி. அதை எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்று நினைக்கக்கூடாது.

இரண்டாம் நாள் மாலையில் மணம் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது ஈரச் சருகு மணம் மட்டுமே வந்தது. ஐந்தாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுத்தேன். நுனி கையில் நன்றாகச் சுட்டது. நுண்ணங்கிகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரேயடியாக நிறையப் போட்டதால் இந்தச் சூடு வந்தது. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சேர்க்கும் தொட்டி இவ்வளவு சூடாகாது. அதற்காகப் பிழை என்று நினைக்கத் தேவையில்லை.

இலையான் வராமல் இருக்க

நாற்றம் நின்றதும் இலையான் பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. காரணம் பெரியம்மா புதிய கழிவை மேலே கொட்டிவிட்டு மூடியைப் போட்டுவிடுவார். மூடி இலையானைத் தடுக்காது. துளையால் உள்ளே போகும். ஈரமான சாப்பாடு வெளியே தெரிந்தால் அதில் முட்டையிடும். எங்கள் வெப்பத்தில் முட்டையிலிருந்து புது இலையான் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

இலையானைத் தடுப்பது சருகுப் போர்வைதான். தொட்டியின் நடுவில் தடியால் ஒரு குழி செய்து, கழிவை அதற்குள் போட்டு, பக்கத்துச் சருகை இழுத்து மூடி, அதற்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குப் புதுச் சருகு போடவேண்டும். மேலே நின்று பார்த்தால் ஒரு துண்டு வாழைப்பழத் தோல்கூடக் கண்ணில் படக்கூடாது. இதற்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு உரப்பை நிறையச் சருகை எப்போதும் வைத்தோம். சருகு பின்மூலையில் கிடந்தால் களைத்துப்போன நேரத்தில் யாரும் போய் எடுத்து வரமாட்டார்கள். பெரியம்மாவின் தொட்டியில் எல்லாவற்றையும்விட உதவிய மாற்றம் இந்த ஒரு பைதான்.

குசினி வாளியிலும் ஒரு பழக்கத்தை மாற்றினோம். வாளியின் அடியில் முதலில் ஒரு பிடி சருகு அல்லது கிழித்த கடதாசி மட்டை. அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் அதற்குள் போகாது. அவற்றை மரத்தடியில் ஊற்றலாம். உப்பும் எண்ணெயும் சேர்ந்த கறி மிச்சமும் மீன் கழிவும் தொட்டிக்கு வேண்டாம். மீன் கழிவில் நைதரசன் மிக அதிகம். சருகு எவ்வளவு போட்டாலும் நாயும் பூனையும் மணத்தைப் பிடித்துவிடும். துப்புரவு செய்து உறுதிப்படுத்தப்பட்ட தோட்ட நிலம் இருந்தால், வாழைக்கோ தென்னைக்கோ பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடுவது மேல்.

இரண்டாம் மாதம் பெரியம்மா பதற்றத்தோடு தொலைபேசி எடுத்தார். "பெரிய பெரிய புழு பிள்ளை. சாம்பல் நிறத்தில, தட்டையா." படத்தை அனுப்பச் சொன்னேன். அது படைவீரன் இலையான் எனப்படும் ஒரு பூச்சியின் புழு. வீட்டு இலையானுடைய வெள்ளைப் புழு அல்ல. இந்தப் பூச்சி வளர்ந்த பிறகு சாப்பாட்டில் வந்து உட்காருவதில்லை, கடிப்பதுமில்லை. புழு கழிவை வேகமாகத் தின்று உக்கச் செய்கிறது. ஆனாலும் அது பெருகுவது ஈரம் சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டு வாளிச் சருகு கூடுதலாகப் போடச் சொன்னேன். கோழிக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டதாகப் பிறகு சொன்னார்.

சாம்பல் போட்டால் என்ன நடக்கும்

எங்கள் வீடுகளில் மணத்துக்கு மருந்து சாம்பல். மீன் வெட்டிய இடத்தில் சாம்பல், கோழிக்கூட்டில் சாம்பல். சித்திரையில் கோழிக்கூட்டைக் கூட்டிய பெரியம்மா எருவைத் தொட்டியில் போட்டு, மணக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலை இரண்டு சிரட்டை தூவியிருக்கிறார். மறுநாள் மூடியைத் திறந்தபோது கண் எரிந்தது.

சாம்பல் காய்ந்து கிடப்பதால் அது காய்ந்த வகை என்று நினைப்பது இயல்பு. ஆனால் விறகு எரியும்போதே அதிலிருந்த காபன் காற்றோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது பொட்டாசியமும் சுண்ணாம்புத் தன்மையும்தான். கோழி எருவில் நைதரசன் நிறைய உண்டு. அதோடு சுண்ணாம்புத் தன்மை சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். கண்ணை எரித்தது பயிருக்குப் போகவேண்டிய சத்து. மேலே போட்டதைச் சருகோடு கலந்து, ஒரு சாண் உயரத்துக்குச் சருகு போர்த்தியபின் இரண்டு நாளில் மணம் அடங்கியது. சாம்பலை வாரத்துக்கு ஒரு சிறு பிடிக்கு மேல் போடக்கூடாது. கோழி எருவோடு ஒரே நாளில் போடவே கூடாது.

கார்த்திகையில் சருகு தீர்ந்தபோது

சித்திரைக் கடைசியில் தொட்டி நிறைந்தது. அதை உக்க விட்டுவிட்டு, நான்கு கம்பு நட்டுக் கிடுகால் சுற்றிக் கட்டிய இரண்டாவது கூட்டில் தொடங்கினோம். இரண்டு இடம் இல்லாமல் வீட்டுக் கூட்டெரு சரிவராது. புதியது சேர்ந்துகொண்டே இருந்தால் பழையது ஒருபோதும் முடியாது.

பிறகு மழை வந்தது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்களுக்குக் காய்ந்த சருகு கிடையாது. முற்றத்தில் விழுவதெல்லாம் நனைந்தே விழும். நனைந்த சருகு தண்ணீரை உறிஞ்சாது, அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டால் பச்சை போட்டதுபோலத்தான். பெரியம்மா நான்கு உரப்பைகளில் மட்டுமே சருகு சேர்த்து வைத்திருந்தார். கார்த்திகை நடுப்பகுதியில் அது தீர்ந்தது. ஒரு வாரத்தில் பழைய மணம் திரும்பிவிட்டது.

கணக்கு எளிது. ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்றால் மாதத்துக்கு 15 கிலோச் சருகு. நொறுக்கி அமுக்கிய ஒரு உரப்பையில் ஏழெட்டுக் கிலோதான் பிடிக்கும். மாதத்துக்கு இரண்டு பை. ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை என்றால் ஏழு பை வேண்டும். வேம்பு இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் இதைச் சேர்த்து, மழை படாத தாழ்வாரத்தில் வைத்துவிடவேண்டும்.

அந்த வருடம் இருந்த நிலைமையில் கடையிலிருந்து கடதாசி மட்டைப் பெட்டிகளை வாங்கிக் கிழித்துப் போட்டோம். மினுங்கும் பூச்சு உள்ளவற்றை ஒதுக்கினோம். அரிசி ஆலையில் ஒரு பை உமி எடுத்து, மட்டைத் துண்டுகளோடு கலந்தோம். மட்டை தண்ணீரை உறிஞ்சியது, உமி காற்றுக்கு இடம் வைத்தது. கூட்டின் மேல் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தோம். பக்கங்களை மூடவில்லை. தறப்பாளால் முழுவதும் சுற்றிக் கட்டியிருந்தால் மழை நிற்கும், காற்றும் நின்றுவிடும். பத்து நாளில் மணம் போனது. வயல் செய்யும் வீடுகளில் காலபோக அறுவடைக்குப் பிறகு கிடைக்கும் வைக்கோலை ஒரு கட்டு ஒதுக்கி வைத்தால் இந்தத் தட்டுப்பாடு வராது.

எவ்வளவு பசளை வந்தது

முதல் தொட்டியை ஆவணியில் திறந்தோம். நிறைந்திருந்த தொட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. கறுத்து, உதிரியாக, மண்வாசத்தோடு இருந்தது. போட்ட எதையும் அடையாளம் காண முடியவில்லை, மாஞ்சருகின் நரம்பும் முட்டைக்கோதும் தவிர. ஒரு பிடியை ஈரத்தோடு பொலித்தீன் பையில் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்து பார்த்தேன். புளிப்போ நாற்றமோ வரவில்லை. வந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் விடவேண்டும். அரைகுறையாக உக்கியதைப் பயிருக்குப் போட்டால், மண்ணிலுள்ள நைதரசனையே நுண்ணங்கிகள் எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். சல்லடையில் நிற்பவற்றை இரண்டாவது கூட்டுக்குள் திரும்பப் போட்டோம்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, வீட்டுக் கழிவே வயலுக்குப் போதும் என்பது போன்ற பேச்சுகள் அடிபட்டன. அந்த வருடக் கார்த்திகையிலேயே தடை தளர்த்தப்பட்டது. நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து வருடத்துக்கு 100 முதல் 150 கிலோக் கூட்டெருதான் கிடைக்கும். அதிலுள்ள நைதரசன் மூன்று, நான்கு கிலோ யூரியாவில் உள்ள அளவுதான். நெல் வயலுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் பெரியம்மாவிடம் இருப்பது பத்துக் கத்தரி, இருபது மிளகாய்க் கன்று, ஒரு பந்தல் பயற்றை. அதற்குப் போதும். கன்றுக்கு இரண்டு சிரட்டை வீதம் போட்டு மண்ணோடு கலந்துவிட்டார். மணல் பாங்கான அந்த மண்ணில் தண்ணீர் நிற்கும் நேரம் கூடியிருக்கிறது என்றும், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊற்றுவதாகவும் சொன்னார்.

கடந்த மாசியில் போனபோது பின்மூலையில் குவியல் இல்லை. தாழ்வாரத்தில் ஒன்பது உரப்பைகள் வாய் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நெருப்புப் பெட்டியை எடுக்கப் போனவளைப் பெரியம்மா கூப்பிட்டார்.

"கொளுத்தாதை பிள்ளை. அதை இஞ்சால தா. எனக்குக் காணாமக் கிடக்கு."